பதினோரு தீபாவளியும் இரண்டு வெல்லமும்

யாங்கோனில் எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே அடுப்பு மூட்டிவிடுவோம். அதிரசமும் முறுக்கும் கேட்டு அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து ஆள் வரும். அப்படி நானே பாகு காய்ச்ச ஆரம்பித்துப் பதினோரு வருஷமாகிறது. பனை வெல்லமும் கரும்பு வெல்லமும் ஒன்றா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். எது உடம்புக்கு நல்லது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டும் அடுப்பில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் நான் நன்றாக அறிவேன்.

இந்த நாட்டில் கரும்பு வெல்லத்தைவிடப் பனை வெல்லம்தான் சுலபமாகக் கிடைக்கும். பர்மியர் அதைத் 'தஞ்ஞெ' என்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு பச்சைத் தேயிலைத் தண்ணீர் குடிப்பது அவர்கள் வழக்கம். சந்தையில் வீசைக் கணக்கில் விற்கிறார்கள். வீசை என்பது நம் சொல்தான். நம் ஊர் வீசை ஏறக்குறைய ஒன்றே கால் கிலோவைத் தாண்டும், 1.4 கிலோ என்று வையுங்கள். இங்கே அது 1.6 கிலோ. என் மாமியார் முதன்முதலில் கணக்குப் போட்டுச் செய்த பாகு அதனால்தான் கட்டியானது என்று இன்றைக்கும் வீட்டில் கேலி செய்வோம்.

என் மூன்றாவது தீபாவளியில்தான் பெரிய சேதம் வந்தது. 1 கிலோ பச்சரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற எங்கள் வழக்கமான அளவுதான். அந்த வருஷம் கரும்பு வெல்லத்துக்குப் பதிலாகத் தஞ்ஞெ போட்டேன். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது உருண்டு வந்தது. சரி என்று மாவைக் கொட்டிக் கிளறி இரவு மூடி வைத்தேன். காலையில் மாவு தளர்ந்து, கையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தட்டி எண்ணெயில் போட்டதும் ஓரம் கரைந்து பிரிந்தது. பிரியாமல் நின்றதும் மேலே கறுத்து உள்ளே வேகாமல் இருந்தது. அத்தை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "பாகு குறைஞ்சு போச்சுடி, வெல்லத்தைக் குறை சொல்லாதே" என்றார். பாதிக்கு அவர் சொன்னது சரிதான். மீதிப் பாதியை அடுத்த கோடையில் மத்திய பர்மாவின் சாக்குபடாவுங் ஊர்ப் பக்கம் போனபோதுதான் புரிந்துகொண்டேன்.

பாகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் சாலை நெடுக வறண்ட மண், அதில் பனை மரங்கள். ஒரு குடும்பம் கொட்டகை போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மரத்தில் மூங்கில் ஏணி கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் என்று தினமும் இரண்டு தடவை ஏறுவாராம். பாளை வெடிக்கும் முன்பே அதைக் கட்டி, மர இடுக்கியால் சில நாள் நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் நீர் சொட்ட ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இன்னும் ஒரு மெல்லிய சீவல். சீவாமல் ஒரு நாள் விட்டாலும் நுனி அடைத்துக்கொள்ளும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். கீழே தொங்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தது. நம் ஊர்ப் பனையேறிகளும் பதநீருக்கு இதைத்தான் செய்கிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே நீர் கள்ளாகிவிடும்.

எனக்கு உறைத்த இடம் அதுதான். கரும்பை வெட்டி ஆலையில் பிழிந்ததும் சாறு நேராகக் கொப்பரைக்குப் போகிறது. பனை நீரோ வெயிலிலும் இரவுச் சூட்டிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மரத்திலேயே தொங்குகிறது. காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்தால் சர்க்கரை உடைய ஆரம்பிக்கும். உறையும் தன்மையுள்ள சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் பாகு படிகமாகாது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எண்ணெயில் சீக்கிரம் கறுத்தும் போகும். என் அதிரசத்தில் நடந்தது இதுதான். சுண்ணாம்பு குறைந்த கலயத்து நீரில் காய்ச்சிய வெல்லம் அது. சூடாக இருக்கும்போது தண்ணீரில் உருண்டது, ஆறிய பிறகு இளகிவிட்டது.

காய்ச்சுவதையும் பார்த்தேன். மண் அடுப்பில் வரிசையாகச் சட்டிகள், எரிபொருளாகக் காய்ந்த பனை மட்டை. சுமார் 8 லிட்டர் நீருக்கு 1 கிலோ வெல்லம் என்பது நம் ஊரிலும் சொல்லும் கணக்கு. அதாவது மீதி எல்லாம் ஆவியாகப் போக வேண்டும். அதனால் விறகும் பொறுமையும்தான் பெரிய செலவு. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு துளி போடுவார்கள். நீர் குறுகக் குறுக நிறம் தேனாகி, பிறகு செம்மரமாகும். கிளறும் கரண்டியிலிருந்து நூல் விழும் நேரத்தில் சட்டியை இறக்கி, விடாமல் ஓரத்தைத் தேய்த்துக் கிளறுகிறார்கள். மினுமினுப்பு மங்கி, பளபளப்பு போய் மாவு பூசினாற்போல் ஆனதும் கையில் உருட்டிவிட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் சட்டியோடு கல்லாகிவிடும். நம் ஊரில் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார்கள். இங்கே கைக்கு அடக்கமான சின்ன உருண்டைகளாக்கிவிடுகிறார்கள்.

கரும்பு வெல்லத்தில் கவனம் வேறு இடத்தில். கரும்பையும் வெட்டிய பிறகு நாள் கடத்தக் கூடாது. அதற்குள்ளும் சர்க்கரை உடையத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் வேலை கொப்பரையில்தான். சாறு இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு, அதனால் சிறிது சுண்ணாம்பு விடுவார்கள். வெண்டைச் செடித் தண்டை நசுக்கிக் கலந்தால் வரும் வழவழப்பு அழுக்கை இழுத்துக்கொண்டு மேலே வரும். அதை வழித்தெடுக்க வேண்டும். கரும்புச் சக்கையே எரிபொருள். நல்ல வெல்லத்துக்குப் பாகு 118 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். நூறு கிலோ கரும்புக்குப் பத்து கிலோ வெல்லம் கிடைத்தால் பரவாயில்லை. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போடும் பழக்கமும் உண்டு. மஞ்சள் பளபளப்பாக இருக்கும் வெல்லத்தை அதனால் நான் வாங்குவதே இல்லை.

இனி சந்தைக்கு வருகிறேன். தீபாவளி நேரத்தில் கிடைக்கும் தஞ்ஞெ பெரும்பாலும் கோடையில் காய்ச்சி, மழைக்காலம் முழுக்க மூட்டையில் கிடந்த சரக்கு. யாங்கோன் மழை தெரிந்ததுதானே, சுவரே வியர்க்கும். நான் வாங்கும் இடத்துப் பெண்ணை எல்லாரும் 'அமா' என்று கூப்பிடுவார்கள், பர்மிய மொழியில் அக்கா என்று பொருள். நம் காதுக்கு அம்மா என்றே கேட்கும். ஒரு உருண்டையை உடைத்து முகரச் சொல்லுவார். புளித்த வாடை வந்தால் விட்டுவிடுவேன். உடைந்த முகம் மங்கலாகப் பொடிந்தால் நல்லது. கண்ணாடித் துண்டுபோலச் சின்னச் சின்னதாய் மின்னினால் சீனி கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் வரும். ஆனால் நல்ல வெல்லமும் சில நேரம் மின்னும், அதனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிறத்தை நம்பவே வேண்டாம். கறுப்பாக இருப்பதெல்லாம் பனை என்று ஒரு தடவை நினைத்து, நன்றாகத் தீய்ந்த கரும்பு வெல்லத்தை வாங்கி வந்தேன்.

வீட்டில் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு நெல்லிக்காய் அளவைக் கால் தம்ளர் வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் விடுவேன். அடியில் வெள்ளையாகத் தங்கினால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் தங்கினால் மண்ணும் தூசியும். வடிகட்டினால் போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. தெளிந்த கரைசலில் இரண்டு கரண்டி கொதிக்கும் பால் விடுவேன். உடனே திரிந்தால் வெல்லம் புளித்தது. அதைப் பாயசத்தில் போடுவதில்லை. எள்ளுருண்டைக்கு வைத்துக்கொள்வேன். எள்ளுருண்டை கொஞ்சம் இளகினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல வெல்லம் என்றாலும் பாயசத்தை இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் வெல்லக் கரைசலைச் சேர்ப்பேன்.

அதிரசத்துக்கு இப்போது என் முறை மாறிவிட்டது. பனை வெல்லமானால் சித்திரையில் வாங்கித் தகர டின்னில் இறுக மூடி வைக்கிறேன். முக்கால் கிலோவில் முக்கால் பங்கு பனை, கால் பங்கு கரும்பு. தண்ணீர் கால் தம்ளர் போதும். கரைந்ததும் வடிகட்டிவிட்டுக் காய்ச்சுகிறேன். தண்ணீரில் விட்ட உருண்டையை உடனே நம்பாமல் எடுத்துத் தட்டில் வைத்து ஐந்து நிமிஷம் பார்ப்பேன். விளிம்பு தட்டையாகப் பரவினால் இன்னும் ஒரு கொதி. பரவாமல் நின்றால் மாவு. நான்கு வருஷமாக ஓரம் பிரியவில்லை.

சுவையில் எனக்குப் பனைதான். கரும்பு வெல்லத்தின் இனிப்பு ஒரே முகமாக வந்து நிற்கும். பனையில் முதலில் புகை, பிறகு லேசான கசப்பு, கடைசியில் இனிப்பு. சர்க்கரைப் பொங்கலில் அந்தப் புகை வாசனை நெய்யைத் தூக்கிக் காட்டும். தேங்காய்ப் பாலுக்கும் அதுதான் பொருத்தம். கடலை மிட்டாய்க்குக் கரும்பு வெல்லமே மேல். அந்த மொறுமொறுப்பைப் பனை வெல்லத்தில் நான் ஒருநாளும் வரவழைத்ததில்லை.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, உடம்பு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்த புதிதில் யாரோ பனை வெல்லம் சாப்பிடலாம் என்று சொல்ல, காபிக்கு அதையே போட்டுக் குடித்தார். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு ஏறிக்கொண்டே போனது. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். பனையில் தாது உப்புகள் கொஞ்சம் இருக்கலாம், அதற்காக யாரும் ஒரு நாளைக்கு நூறு கிராம் வெல்லம் சாப்பிடப் போவதில்லை. இப்போது அம்மா காபியை வெறுமனே குடிக்கிறார். தீபாவளிக்கு மட்டும் அரை அதிரசம், அதுவும் நான் பார்க்காத நேரத்தில்.