ஏஜென்ட் "விமானத்துல நாய்க்கு இடம் கன்ஃபர்ம்" என்று சொன்னால் PNR-இல் AVIH HK இருக்கிறதா என்று பாருங்கள்

சென்னையிலிருந்து டெல்லிக்கு வேலை மாற்றலாகிப் போன ஒரு குடும்பம், தங்கள் 12 கிலோ பீகிள் நாயை விமானத்தில் உடன் கூட்டிப்போக ஓர் ஏஜென்ட்டிடம் 35,000 ரூபாய் கட்டியது. "கேபின்லயே உங்க கூட வரும், எல்லாம் கன்ஃபர்ம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் இரவு, "கேபின் இல்ல, கீழே ஹோல்டுல போகும், பயப்படாதீங்க" என்று பேச்சை மாற்றினார். மறுநாள் செக்-இன் கவுண்டரில் நாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. மனைவியும் குழந்தைகளும் டெல்லிக்கு ஏற, கணவர் நாயோடு வீடு திரும்பினார்.

கவுண்டரில் இருந்தவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் மறுத்ததற்கான காரணங்கள் ஒவ்வொன்றும் பல நாள் முன்பே வீட்டிலிருந்தபடி தெரிந்துகொள்ளக்கூடியவை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கேபின் என்ற வாக்குறுதியே முதல் பொய். இந்தியாவுக்குள் எல்லா விமான நிறுவனமும் செல்லப்பிராணியை ஏற்றுவதில்லை. ஏற்றுகிறவர்களும் கேபினில் ஓர் எடை வரம்பு வைத்திருக்கிறார்கள். அது பையின் எடையையும் சேர்த்துத்தான். ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது வரம்பு 7 கிலோ, பிறகு 10 கிலோ ஆக்கினார்கள். 12 கிலோ நாய்க்கு எந்தக் கணக்கிலும் அங்கே இடமில்லை. சிறிய நாயாக இருந்தாலும் மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். பயணம் முழுக்க மூடிய பைக்குள், காலடியில்தான் இருக்க வேண்டும். மடியில் வைக்கலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது "கன்ஃபர்ம்". உங்கள் டிக்கெட் உறுதியானதால் நாயின் இடமும் உறுதியாகிவிடாது. PNR-இல் நாய்க்கென்று தனிக் கோரிக்கை பதிய வேண்டும்: கேபின் என்றால் PETC, விமானத்தின் அடியிலுள்ள சரக்கு அறையான ஹோல்ட் என்றால் AVIH. அதன் பக்கத்தில் இரண்டு எழுத்தில் ஒரு நிலை இருக்கும். HN என்றால் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. UC என்றால் மறுத்துவிட்டார்கள். HK என்றால் மட்டுமே ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் குடும்பத்தின் PNR-இல் கடைசிவரை AVIH HN என்றுதான் இருந்தது. ஏஜென்ட் கோரிக்கையைப் பதிந்துவிட்டு அதையே கன்ஃபர்ம் என்று விற்றிருக்கிறார். இப்படி ஏமாற்றுவது மிகச் சுலபம், ஏனென்றால் பயணிக்கு வரும் டிக்கெட்டில் இந்த எழுத்துகள் பெரும்பாலும் தெரியாது. நீங்களே விமான நிறுவனத்துக்கு போன் போட்டு, PNR சொல்லி, "AVIH ஸ்டேட்டஸ் HK-யா?" என்று கேளுங்கள். நாய் கார்கோவாகத் தனியே போகிறது என்றால் PNR-இல் எதுவும் இருக்காது. அப்போது விமானச் சரக்குக்கான ரசீதான ஏர்வே பில்லின் எண்ணைக் கேளுங்கள், 11 இலக்கம். தர முடியாதவர் இன்னும் எதையும் புக் செய்யவில்லை என்று பொருள்.

ஹோல்டுக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்றால், அங்கே காற்றழுத்தம் கேபினைப் போலவே இருந்தாலும் சூடும் காற்றோட்டமும் எல்லா அறைகளிலும் இருக்காது. எந்த விமானம், எந்த அறை என்று பார்க்க வேண்டும். உலர்பனிக்கட்டி வைத்த சரக்கு அதே அறையில் போனால் அதிலிருந்து கசியும் கரியமில வாயு உயிருக்கே ஆபத்து. உயிருள்ள விலங்கு கீழே இருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தகவல் போனால்தான் வெப்பநிலையை அதற்கேற்ப வைப்பார். HK இல்லாமல் கடைசி நிமிடத்தில் நாயை உள்ளே தள்ளுவதற்கு இவை எதுவும் இடம் தராது. பக், புல்டாக், ஷிட்சூ, பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் ஹோல்டில் ஏற்றுவதே இல்லை. வெப்பத்திலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சு சீக்கிரம் திணறும்.

கூண்டு ஏஜென்ட் கொடுத்ததுதான். நாயை அவர் அளக்கவே இல்லை. அளக்க ஐந்து நிமிடம் போதும். நாயை நேராக நிற்கவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் நீளம். இந்தப் பீகிளுக்கு 64 செ.மீ. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை 22. தோள்பட்டை அகலம் 19. நிற்கும்போது தலை அல்லது காது, எது உயரமோ அதுவரை 44. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏ-வின் விதிப்படி கூண்டின் உள்நீளம் உடல் நீளத்தோடு முட்டி உயரத்தில் பாதி: 64 + 11 = 75. அகலம் தோள்பட்டையைப் போல இரண்டு மடங்கு: 38. உயரம் 44, விரிப்பின் கனத்துக்கு 3 சேர்த்து 47. வந்த கூண்டின் உள்நீளம் 66. நாய் நின்றால் மூக்கு கதவில் இடிக்கிறது, திரும்பிப் படுக்க வழியில்லை. கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் வெளி அளவு, ஆகவே டேப்பை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஆகாது, இரும்பு போல்ட் வேண்டும். கதவு உலோகமாக இருக்க வேண்டும், சக்கரம் இருந்தால் கழற்றியிருக்க வேண்டும், கதவைத் திறக்காமலே தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப முடிய வேண்டும்.

உடல்நலச் சான்றிதழ் பிடிஎஃபாக வாட்ஸ்அப்பில் வந்தது. எந்த டாக்டரும் நாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தில் ஆண், மூவர்ணம். சான்றிதழில் பெண், பழுப்பு. தேதியோ மூன்று வாரம் பழசு. சான்றிதழ் எத்தனை நாளைக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் 72 மணி நேரம் என்பார்கள், சிலர் 10 நாள் என்பார்கள். கேட்டுவிட்டு அதற்குள் டாக்டரைப் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு 30 நாள் கடந்திருப்பதும் ஓராண்டுக்குள் இருப்பதும் பொதுவாக எல்லோரும் பார்ப்பது. டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இல்லாத தாள் செல்லாது.

இந்த ஏஜென்ட் ஒரு தூக்க மாத்திரையும் கொடுத்து, கிளம்பும் முன் போடச் சொன்னார். நல்லவேளை, போடவில்லை. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ரத்த அழுத்தம் குறையும், மூச்சு தடுமாறும், கீழே பார்த்துக்கொள்ள ஆளில்லை. தள்ளாடும் நாயைக் கவுண்டரில் ஏற்கவும் மாட்டார்கள்.

எப்போது கேட்பது என்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன். நிறுவனங்கள் 48 அல்லது 72 மணி நேரம் முன்பு சொன்னால் போதும் என்று எழுதியிருக்கலாம், ஆனால் ஒரு விமானத்தில் ஏற்றும் விலங்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மூன்று வாரம் முன்பே கேட்டால், இடமில்லை என்று பதில் வந்தாலும் வேறு தேதி பார்க்கலாம். நேரடி விமானமாகப் பாருங்கள். டெல்லிக்கு மே, ஜூனில் என்றால் அதிகாலையில் போய் இறங்குவது நல்லது.

வெளிநாடு என்றால் கணக்கே வேறு. தனியார் டாக்டரின் சான்றிதழ் மட்டும் போதாது, மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதலில் மைக்ரோசிப், பிறகு தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. நான்கு மாதத்துக்குக் குறைவாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம் எப்படி என்று ஒவ்வொரு தேதியாகக் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். நாயை ஏற்க மறுத்த காரணத்தை கவுண்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதத்தோடும் யுபிஐ ரசீதோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்பும் பணத்தை ஏஜென்ட் வழியாக வாங்கச் சம்மதிக்காதீர்கள்.