₹42,000 வித்தியாசத்துக்கு மூன்று பதில் கடிதங்கள்: தணிக்கையாளரிடம் எது நிற்கும்?

தணிக்கையாளரின் வினாப் பட்டியலில் இது பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் வரும்: “இயந்திரத் தளவாடங்கள், 31.03.2024 அன்று பேரேட்டு இருப்பு ₹1,86,40,000. நிலைச்சொத்துப் பதிவேட்டின்படி மொத்த அடக்கவிலை ₹1,85,98,000. வித்தியாசத்துக்கு விளக்கம் தரவும்.” உலோகப் பாகங்கள் கடையும் ஒரு சிறு தனியார் நிறுவனத்தை மனதில் வைத்து, இந்த ₹42,000-க்கு எழுதக்கூடிய மூன்று வகைப் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை; பிழைகளோ கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் பார்ப்பவை.

முதல் வகை, நான்கு வரிக் கடிதம். “வித்தியாசம் மொத்தத்தில் கால் சதவீதத்துக்கும் குறைவு, பதிவு செய்த காலம் முன்பின்னாக இருந்ததால் ஏற்பட்டது, நடப்பாண்டில் சரிசெய்யப்படும்” என்று முடித்துவிடுவது. தொகை சிறியது என்ற வாதம் இங்கே எடுபடாது. நிறுவனங்களின் தணிக்கை அறிக்கைக்கான 2020-ஆம் ஆண்டின் காரோ ஆணை பொருந்தும் நிறுவனமானால், சொத்துகளின் எண்ணிக்கையும் இருப்பிடமும் உட்பட முழு விவரம் காட்டும் முறையான பதிவேடு இருக்கிறதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவருடைய கேள்வி பதிவேட்டின் நம்பகத்தைப் பற்றியது. ₹42,000 அதற்கு ஒரு அறிகுறி மட்டுமே. இந்தக் கடிதம் போனால் அடுத்த வாரமே இரண்டாவது வினா வரும்.

இரண்டாம் வகை, வங்கிச் சரிக்கட்டும் பட்டியலின் பாணியில் பதிவேட்டு இருப்பிலிருந்து தொடங்கிக் கூட்டியும் கழித்தும் பேரேட்டு இருப்புக்கு வந்து சேர்வது. பலரும் தருவது இதுதான். நம் கணக்கில் அது இப்படி அமையும்.

நவம்பர் 2023-இல் விற்ற ஏர் கம்ப்ரஸரின் அடக்கவிலை ₹6,00,000. பதிவேட்டில் அது முழுவதுமாக நீக்கப்பட்டது. பேரேட்டிலோ விற்றுவந்த ₹1,50,000 மட்டும் சொத்துக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதால் ₹4,50,000 அங்கேயே தங்கிவிட்டது. புதிய மில்லிங் மெஷினுக்கு அஸ்திவாரம் போட்டவரும் கிரேன் வாடகைக்காரரும் தந்த பில்கள் ₹85,000 பேரேட்டில் மூலதனமாகச் சேர்ந்தன; பதிவேடு எழுதுபவர் மெஷின் பில்லை மட்டும் பார்த்ததால் அங்கே விடுபட்டன. அதே மெஷினின் விலை ₹10,00,000 என்று பேரேட்டிலும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹11,80,000 என்று பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. மார்ச் 28 அன்று வந்து இறங்கிய டிரில்லிங் மெஷின், ₹3,20,000, சரக்கு வரவுக் குறிப்பைப் பார்த்ததுமே பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மின் இணைப்பு கொடுத்து ஓட்டிப் பார்த்தது ஏப்ரலில் என்பதால் பேரேட்டில் அது முடிவுறா மூலதனப் பணிகளில் கிடக்கிறது. கடைசியாக, எதனோடும் பொருந்தாத ₹7,000 பேரேட்டில் கூடுதல்.

பதிவேட்டு இருப்போடு 4,50,000, 85,000, 7,000 ஆகியவற்றைக் கூட்டி 1,80,000, 3,20,000 ஆகியவற்றைக் கழித்தால் பேரேட்டு இருப்பு சரியாக வந்துவிடுகிறது. நான்கு வரிக் கடிதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதில் ஒரு பெரிய மறைவு இருக்கிறது. வங்கிப் பட்டியலில் இரு தரப்பும் சரியாக இருந்து, காசோலை பணமாகும் நாள் மட்டும் வேறுபடலாம். இங்கே ஒவ்வொரு வரியிலும் ஒரு தரப்பு தவறு. எந்தத் தரப்பு என்பதைப் பட்டியல் சொல்லாமல் விட்டால், படிப்பவர் பேரேடுதான் சரி என்று எடுத்துக்கொள்வார். கம்ப்ரஸர் விஷயத்தில் அது நேர்மாறு.

மூன்றாம் வகையில் இரண்டு இருப்புகளையும் தனித்தனியே திருத்தி, திருத்திய இருப்புகளை ஒப்பிடுகிறோம். பேரேட்டில் திருத்த வேண்டியது கம்ப்ரஸர் மட்டும்: 1,86,40,000-இல் 4,50,000 போக ₹1,81,90,000. பதிவேட்டில் 85,000 சேர்த்து, ஜிஎஸ்டி 1,80,000-ஐயும் டிரில்லிங் மெஷின் 3,20,000-ஐயும் நீக்கினால் ₹1,81,83,000. அதாவது பேரேடு ₹4,50,000 மிகை, பதிவேடு ₹4,15,000 மிகை; இரு பிழைகளும் ஒரே திசையில் இருந்ததால் வெளியே ₹42,000 மட்டும் தெரிந்தது. முதல் இரு கடிதங்களையும் படித்தவருக்கு இது புலப்படவே புலப்படாது. என் பார்வையில் மூன்றாம் வகையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

கம்ப்ரஸர் பத்தி கடிதத்தில் ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

“மேற்படி கம்ப்ரஸர் நவம்பர் 2015-இல் ₹6,00,000-க்கு வாங்கப்பட்டது. 15 ஆண்டு பயன்பாட்டுக் காலம், 5 சதவீத எச்ச மதிப்பு என்ற அடிப்படையில் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு ₹38,000 வீதம், விற்ற மாதம் வரை 8 ஆண்டுகளுக்குத் திரண்ட தேய்மானம் ₹3,04,000. விற்பனைத் தொகை, ஜிஎஸ்டி நீங்கலாக, ₹1,50,000. எனவே ₹1,46,000 நட்டமாகும். திரண்ட தேய்மானக் கணக்கில் ₹3,04,000, சொத்து விற்பனை நட்டக் கணக்கில் ₹1,46,000 பற்று வைத்து, இயந்திரத் தளவாடக் கணக்கில் ₹4,50,000 வரவு வைக்கும் குறிப்பேட்டுப் பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கொள்முதல் பில், விற்பனை பில், கேட் பாஸ் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன.”

லாபத்தை ₹1,46,000 குறைக்கும் திருத்தம் இது என்பதை ஒளிக்காமல் சொல்வதில் நிர்வாகத்துக்குத் தயக்கம் இருக்கும். இரண்டாம் வகைப் பட்டியல் பிரபலமாக இருப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விற்ற மாதத்துக்குப் பிறகும் பேரேட்டில் தேய்மானம் எழுதப்பட்டிருந்தால் அதையும் திருப்பிப் போட வேண்டும்.

ஜிஎஸ்டி வரிக்கு வேறொரு கவனம் தேவை. வரிப் பகுதியின் மீது வருமான வரிச் சட்டத்தின் கீழ் தேய்மானம் கோரினால், அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு. பதிவேட்டில் ₹11,80,000 என்று கண்டதும் தணிக்கையாளர் அடுத்துக் கேட்கப்போவது அதுதான். ஆகவே, “தேய்மானம் ₹10,00,000-உடன் நிறுவும் செலவு ₹85,000 சேர்த்து, ₹10,85,000 மீதே கணக்கிடப்பட்டது” என்ற வாக்கியம் கடிதத்திலேயே இருக்கட்டும்; உண்மையில் அப்படித்தான் கணக்கிடப்பட்டதா என்று தேய்மானத் தாளைப் பார்த்த பிறகே அதை எழுத வேண்டும்.

மூன்றாம் வகைக்கு உழைப்பு அதிகம். எல்லா இடத்திலும் அது தேவையில்லை. வித்தியாசம் முழுவதும் டிரில்லிங் மெஷினைப் போன்ற காலப் பிழை மட்டுமானால் இரண்டாம் வகையே போதும். கணக்குகள் ஏற்கப்பட்டு முடிந்த ஆண்டின் பிழை இப்போது தெரியவந்தால், பழைய ஆண்டின் பேரேட்டைப் பொதுவாக மீண்டும் திறக்க முடியாது. கணக்கியல் தரநிலை ஏஎஸ் 5-இன்படி முந்தைய காலப் பிழையாக நடப்பாண்டில் தனியாகக் காட்டி, கடிதத்திலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

மீதமுள்ள ₹7,000-ஐ ‘சில்லறைச் சரிக்கட்டல்’ என்று ஒரு பதிவு போட்டுச் சமன் செய்யும் பழக்கம் இருக்கிறது. மற்ற நான்கு வரிகளுக்கும் கிடைத்த நம்பிக்கையை அது கெடுக்கும். அதற்கு முன், இரண்டு ஏடுகளின் 01.04.2023 தொடக்க இருப்புகளை வகைவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே ₹7,000 இருந்தால் அந்த ஆண்டின் வாங்கல், விற்றலில் தேடுவது வீண். அப்போது கடிதத்தின் கடைசிப் பத்தி, “₹7,000 ஆண்டின் தொடக்க இருப்பிலேயே உள்ளது, எந்தச் சொத்துக்கு உரியது என்று இன்னும் கண்டறியப்படவில்லை, 2022-23 வரையிலான மூலதனப் பில்களோடு ஒப்பிடும் பணி நடைபெறுகிறது, அதுவரை எந்தச் சரிக்கட்டல் பதிவும் செய்யப்படவில்லை” என்று இருக்கலாம்.