எட்டு ராணிகள்: நிரப்பிய பின் சோதிப்பதா, வைக்கும்போதே வெட்டுவதா?

சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று தாக்காதபடி வைக்க வேண்டும். வரிசைக்கு ஒரு ராணி என எட்டையும் வைத்துவிட்டுப் பிறகு சோதித்தால் 1,67,77,216 அமைப்புகளைப் பார்க்க வேண்டும். எழுத எளிது, ஆனால் கண்மூடித்தனம்.

பின்வாங்கும் முறை ஒவ்வொரு ராணியையும் வைக்கும் முன்பே சோதிக்கிறது. முதல் ஐந்து வரிசைகளில் 1, 3, 5, 2, 4 ஆகிய கட்டங்களில் ராணிகள் இருக்கட்டும். ஆறாம் வரிசையில் எட்டுக் கட்டங்களும் தாக்குதலுக்குள் வருகின்றன. முதல் முறை இதன் கீழும் 512 அமைப்புகளை எண்ணும். இதுவோ அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடும். ஐந்தாம் ராணியை எடுத்து 8-ஆம் கட்டத்தில் வைத்தாலும் ஆறாம் வரிசை அடைபடுகிறது. எனவே நான்காம் ராணிக்குத் திரும்ப வேண்டும்.

ராணியை எடுக்கும்போது, அதை வைத்தபோது நெடுவரிசைக்கும் இரு மூலைவிட்டங்களுக்கும் இட்ட மூன்று குறிகளையும் அழிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பிழைச்செய்தி வராது. கிடைக்க வேண்டிய 92 தீர்வுகளில் சில மட்டும் விடுபட்டுவிடும்.