பிறவி எண், விதி எண், முதிர்வு எண்: மூன்றும் எங்கே பிரிகின்றன?

பிறந்த தேதியை முழுவதுமாகக் கூட்டி வரும் எண்ணைச் சொல்லிவிட்டு, "இதுதான் என் பிறவி எண்" என்பவர்கள் நிறையப் பேர். அது பிறவி எண் அல்ல, விதி எண். மேலை நாட்டு எண் கணிதத்தில் அதையே வாழ்க்கைப் பாதை எண் என்கிறார்கள். அங்கே மூன்றாவதாக முதிர்வு எண் என்று ஒன்றும் உண்டு. நம் ஊரில் அதை அதிகம் பார்ப்பதில்லை. இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரே ஆளின் தேதியை வைத்துப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பிறந்தது 1879 மார்ச் 14. பிறவி எண்ணுக்கு நாள் மட்டும் போதும்: 1+4=5. மாதமும் ஆண்டும் இதில் சேராது. எந்த மாதத்தில், எந்த ஆண்டில் 14ஆம் தேதி பிறந்திருந்தாலும் எண் இதுதான். சுருக்கிய 5ஐ மட்டும் பார்க்காமல், 14 என்ற மூல எண்ணையும் சேர்த்தே படிப்பார்கள். 5ஆம் தேதிக்காரரும் 23ஆம் தேதிக்காரரும் அதே 5தான் என்றாலும் மூவருக்கும் பலன் சற்று மாறும். இயல்பான குணம், கைவந்த திறமை போன்றவை இந்த எண்ணின் எல்லை.

விதி எண்ணுக்கு முழுத் தேதியும் வேண்டும். நாள் 5, மாதம் 3, ஆண்டு 1+8+7+9=25, அதைச் சுருக்கினால் 7. மொத்தம் 15, அதாவது 6. வாழ்க்கை எந்தத் திசையில் போகும், எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை இதில் பார்க்கிறார்கள். ஒரு சிக்கல் இங்கே வருகிறது. எல்லா இலக்கங்களையும் நேராகக் கூட்டினால் 1+4+3+1+8+7+9=33. சிலர் 11, 22, 33 மூன்றையும் தலைமை எண்கள் என்று சுருக்காமல் விடுவதால், அவர்கள் கணக்கில் இவர் 33. பகுதி பகுதியாகச் சுருக்குபவர்களுக்கு இவர் வெறும் 6. ஆனால் 33ஐயும் சுருக்கினால் 6தான் வரும். எந்த வழியில் போனாலும் கடைசி ஒற்றை இலக்கம் மாறாது. மாறினால் கூட்டலில் தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

தேதியை எழுதும் முறையும் ஆளை ஏமாற்றும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. விதி எண்ணுக்கு இது பொருட்டே இல்லை, கூட்டல் ஒன்றுதான். பிறவி எண்ணோ 3 அல்லது 4 என்று புரண்டுவிடும்.

சரி, முதிர்வு எண். இதற்குத் தேதி மட்டும் போதாது, பெயரும் வேண்டும். விதி எண்ணோடு, பிறந்தபோது வைத்த முழுப் பெயரின் எண்ணைக் கூட்ட வேண்டும். பித்தகோரஸ் முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 9 வரை வரிசையாக மதிப்பு கொடுத்து, மறுபடி 1இலிருந்து தொடங்குவார்கள். முதற்பெயர் 1+3+2+5+9+2=22. குடும்பப் பெயர் 5+9+5+1+2+5+9+5=41. இரண்டும் சேர்ந்து 63, அதாவது 9. விதி எண் 6 உடன் 9 சேர்ந்தால் 15, மறுபடி 6.

பெயர் எண் 9 ஆனவர்களுக்கு எப்போதுமே இப்படித்தான்: 9ஐக் கூட்டிச் சுருக்கினால் பழைய எண்ணே திரும்பும். முதிர்வு எண்ணும் விதி எண்ணும் ஒன்றானால் புதிய திசை வராது, பழையதே அழுத்தமாகும் என்று படிப்பார்கள்.

நம் ஊர் ஜோதிடர்கள் பெரும்பாலும் கையாளும் கல்தேய அட்டவணையில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. அதன்படி அதே பெயர் 17+29=46, அதாவது 1. முதிர்வு எண் 7 ஆகிவிடுகிறது! தேதியில் ஒரு மாற்றமும் இல்லை, அட்டவணைதான் வேறு. அதனால் முதிர்வு எண்ணைப் பார்ப்பதென்றால் அதன் சொந்த முறையான பித்தகோரஸ் அட்டவணையிலேயே பார்ப்பது நல்லது.

இவற்றுக்கு அறிவியல் சான்று கிடையாது. நம்பிக்கையோடு பார்ப்பவர்கள் எதை எப்போது பார்ப்பது என்று கேட்டால், முதலில் விதி எண், அதன் பக்கத்தில் பிறவி எண் என்பேன். முதிர்வு எண் முப்பதுகளின் நடுவில் தலைகாட்டி, நாற்பதுகளில்தான் நிலைகொள்ளும் என்பது இந்த முறையின் கணக்கு. இருபது வயதுப் பிள்ளைக்கு அதைப் போட்டுப் பலன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால், எதைக் கூட்டுவது? பிறந்தபோது பதிவான பெயரைத்தான். அதனால் பிறகு எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பெயரை மாற்றினாலும், இந்த முறைப்படி முதிர்வு எண் மாறாது.