பதிவிடும் முன் ஒரு சரிபார்ப்பு: சில வருடப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிகழ்ச்சி அறிவிப்புகளைச் சில வருடங்களாக நான்தான் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன். போடும் முன் நிகழ்ச்சி பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டி, "எப்போ, எங்கே, நீங்க என்ன செய்யணும்?" என்று கேட்பேன். பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். இவ்வளவுதான் முறை.

ரத்த தான முகாமுக்கு வந்த ஒரு வரைவு இது: "வரும் ஞாயிறு கே.கே. நகர் சமுதாயக் கூடத்தில் மாபெரும் ரத்த தான முகாம். அனைவரும் வருக!"

எல்லாம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஃபேஸ்புக் ஒரு பதிவை இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டும். வாட்ஸ்அப்பில் அது வாரக்கணக்கில் சுற்றும். திங்கட்கிழமை பார்ப்பவருக்கு 'வரும் ஞாயிறு' அடுத்த வாரமாகிவிடுகிறது. கே.கே. நகர் சென்னை, மதுரை, திருச்சி மூன்றிலும் உண்டு. உள்ளூர்க்காரருக்கு இது தோன்றவே தோன்றாது, வெளியாள் உடனே கேட்டுவிடுவார்.

அதிகம் விடுபடுவது மூன்றாவது கேள்விக்கான பதில்தான். 'அனைவரும் வருக' என்பது அழைப்பு மட்டுமே. பெயர் பதிய வேண்டுமா, நேரே வரலாமா, யாரைக் கேட்பது? முகாம் என்றால் யார் கொடுக்கலாம் என்பதும் வேண்டும். திருத்தியது இப்படி வந்தது:

"2026 ஜூன் 14, ஞாயிறு, காலை 9 முதல் பகல் 1 வரை. சமுதாயக் கூடம், தண்ணீர்த் தொட்டி எதிரில், கே.கே. நகர், மதுரை. வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருப்பவர்கள் கொடுக்கலாம். சாப்பிட்டுவிட்டு, அடையாள அட்டையுடன் வாருங்கள். சனி மாலைக்குள் இந்த எண்ணுக்கு 'வருகிறேன்' என்று அனுப்புங்கள்."

கீழே ஒரே ஒரு எண். இரண்டு மூன்று எண் போட்டால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தே விட்டுவிடுகிறார்கள்.

படத்தையும் எழுத்தையும் தனித்தனியாகக் காட்டிப் பார்ப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் படம் மட்டும் கைமாறும்போது கீழே எழுதியது பல நேரம் கூடவே போகாது. தேதி படத்தில் மட்டும் இருந்தாலோ, திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்றவருக்கு அது எட்டாமல் போகலாம். அதனால் தேதியும் இடமும் இரண்டிலும் வர வேண்டும்.

இந்த முறைக்குப் பிடிபடாத ஒன்று, தவறான தகவல். 'ஜூன் 14, சனி' என்றிருந்தால் படிப்பவர் தயங்காமல் அதையே திருப்பிச் சொல்வார். கிழமையை நாட்காட்டியில் நாம்தான் பார்க்க வேண்டும். தேதி தள்ளிப்போனாலும் இதே சிக்கல்தான். பழைய படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது புதுப் படத்தை வேறு நிறத்தில் செய்து, மேலேயே 'தேதி மாற்றம்' என்று பெரிதாக எழுதிவிடுகிறேன்.