அவசரம்–முக்கியம் கட்டமும் நேர ஒதுக்கீடும்: இரண்டு பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

பெங்களூரில் முதுகலை படித்துக்கொண்டே, ஒரே சமயத்தில் பல பாடங்களின் சமர்ப்பிப்புத் தேதிகளைச் சமாளிக்க வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பார்த்துப் பிரிக்கும் நான்கு கட்ட முறையையும், ஒவ்வொரு வேலைக்கும் நாட்காட்டியில் நேரம் ஒதுக்கும் டைம் பிளாக்கிங்கையும் இரண்டு பருவங்களாகச் சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன். அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமானவை அல்ல என்ற கருத்தை அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் ஓர் உரையில் எடுத்துக்காட்டினார்; அதைச் சொன்னவர் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் என்றும் அவரே குறிப்பிட்டார். கல்லூரியிலிருந்து கிளம்பிய கருத்து என்றாலும், மாணவர் வேலைக்கு அதை அப்படியே பொருத்த முடிவதில்லை. எல்லா அசைன்மெண்டுக்கும் மதிப்பெண்ணும் உண்டு, கடைசித் தேதியும் உண்டு என்பதால், அனைத்தும் அவசரமும் முக்கியமும் உள்ள முதல் கட்டத்திலேயே போய்க் குவிந்துவிடுகின்றன.

அசைன்மெண்டை முழுதாகக் கட்டத்தில் எழுதாமல், அதை உடைத்து ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த முறை எனக்குப் பயன்பட்டது. கடந்த நவம்பரில் 10-ஆம் தேதி, திங்கட்கிழமை, என் முன் மூன்று வேலைகள் இருந்தன: 14-ஆம் தேதிக்குள் 10 மதிப்பெண்ணுக்கான புள்ளியியல் கணக்குகள், 18 அன்று 20 மதிப்பெண்ணுக்கான செமினார், 24 அன்று 40 மதிப்பெண்ணுக்கான புராஜெக்ட் அறிக்கை. தேதியை மட்டும் பார்த்தால் புராஜெக்ட் கடைசியாகத்தான் வரும். ஆனால் அதற்குள் ஒரு கருத்துக்கணிப்பு இருந்தது. அறிக்கை எழுத 21 முதல் 23 வரை வேண்டும், பகுப்பாய்வுக்கு 19, 20 வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், 18-க்குள் பதில்கள் வந்துசேர வேண்டும். பதில் சொல்பவர்களுக்கு ஒரு வாரமாவது தர வேண்டுமென்றால் கேள்விப் படிவம் 11-ஆம் தேதியே போயாக வேண்டும். ஆகவே, மிகத் தொலைவில் இருந்த சமர்ப்பிப்பின் ஒரு பகுதிதான் அன்றைய முதல் வேலையாயிற்று. கடைசித் தேதியைவிட, அதற்கு மேல் தள்ளிப்போட முடியாத தொடக்கத் தேதியே அவசரத்தின் அளவு. பிறருடைய பதிலுக்கோ கையொப்பத்துக்கோ காத்திருக்க வேண்டிய எதையும் இப்போது நான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.

அதன் பிறகே நாட்காட்டியைத் திறக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தை ஒரு பிளாக் என்று வைத்தால், மேற்சொன்ன மூன்றுக்கும் 14 பிளாக் போதும் என்று தோன்றியது. மனம் சொல்லும் இந்த மதிப்பீட்டை நம்பக் கூடாது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஏறத்தாழ 55 நாட்கள் ஆயின. எனவே ஒன்றரை மடங்காக 21 பிளாக் ஒதுக்கினேன். வார நாட்களில் மாலைக்கு ஒன்று, சனி ஞாயிறுகளில் நாளுக்கு மூன்று என 23-ஆம் தேதி வரை கையில் இருந்தவை 22. நூலிழையில் பொருந்தியது, பொருந்தாமல் போயிருந்தால், செமினாரின் ஆழத்தைக் குறைப்பதா, கூடுதல் அவகாசம் கேட்பதா என்பதை முதல் நாளிலேயே முடிவுசெய்ய வேண்டியிருந்திருக்கும்.

பிளாக்கின் பெயரும் முக்கியம். ‘புராஜெக்ட்’ என்று எழுதினால் உட்கார்ந்த முதல் கால் மணி நேரம் எங்கே தொடங்குவது என்பதிலேயே போய்விடும், ‘திங்கள் 7.30–9.00, புள்ளியியல், கணக்கு 1 முதல் 3 வரை’ என்று எழுதினால் நேராக வேலையில் இறங்கலாம். அல்சூரிலிருந்து கெங்கேரி பக்கம் போகும் மெட்ரோப் பயணத்தை நான் பிளாக்காகக் கணக்கிடுவதில்லை. கூட்ட நெரிசலில் நின்றுகொண்டு ஒரு கட்டுரையைப் புரட்டலாமே தவிர, எதையும் எழுத முடியாது.

அவசரம் உண்டு, முக்கியம் இல்லை என்ற மூன்றாம் கட்டத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழு, பிரிண்ட்அவுட், படிவங்களில் கையொப்பம் ஆகியவை சேரும். இவை அனைத்தையும் மதிய உணவுக்குப் பின்னான அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். மாலை பிளாக்கில் இவற்றுக்கு இடமில்லை.

குறைகளும் உள்ளன. நிரலில் பிழை தேடும் வேலை பிளாக்குக்குள் அடங்குவதே இல்லை. அத்தகைய நாளில் அடுத்த பிளாக்கைக் காலியாக விட்டுவைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே பிளாக் மூன்றாம் முறையாக வேறு நாளுக்கு நகர்ந்தால், நேரம் போதவில்லை என்று அதற்குப் பொருளல்ல. அந்தப் பகுதி இன்னும் போதிய அளவு உடைக்கப்படவில்லை, அல்லது பாடமே புரியவில்லை என்று பொருள். அப்போது நாட்காட்டியை மாற்றி எழுதுவதைவிட ஆசிரியரைப் போய்ப் பார்ப்பதே பலன் தருகிறது. குழுவாகச் செய்யும் புராஜெக்டில் மற்றவர்களும் தங்கள் தொடக்கத் தேதிகளைச் சொல்லாவிட்டால், ஒருவர் மட்டும் கட்டம் போட்டுப் பெரிதாகப் பயனில்லை.