பொன் தொட்டிலா, கொடிமலையா, பாட்டியின் கைலியா? ஒரு தாலாட்டை மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தது

என் தங்கை பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அவள் கணவருக்கு பாயான் லெப்பாஸில் இரவு வேலை. மாலையில் மோட்டார் எடுத்துப் பினாங்குப் பாலத்தைக் கடந்து போனால், விடியும்போதுதான் திரும்புவார். அவர் கிளம்பியதும் ஐந்து மாதக் குழந்தை அழ ஆரம்பித்துவிடும். "அக்கா, நம்ம அம்மா பாடுற தாலாட்டு எனக்கு ரெண்டு வரிக்கு மேல வரல. புதுசா ஒண்ணு கட்டிக் குடு" என்றாள். ஒரு வாரத்தில் மூன்று விதமாகக் கட்டிக் கொடுத்தேன். மூன்றையும் அவள் தொட்டிலருகே பாடிப் பார்த்தாள். எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றே. தாலாட்டு கட்ட யாப்பிலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. 'ஆராரோ ஆரிரரோ' என்ற அந்த வரியே அளவுகோல். எழுதிய வரியை அதன் மேல் வைத்துப் பாடிப் பாருங்கள். மூச்சு ஒரே இடத்தில் முடிந்தால் வரி சரி. வரி மிஞ்சினால் வாய் அவசரப்படும், குறைந்தால் இழுக்க வேண்டிவரும். குழந்தைக்கு முதலில் தெரிவது அந்தத் தடுமாற்றம்தான்.

முதலில் பழைய வழியிலேயே கட்டினேன்:

பொன்னாலே தொட்டிலிட்டு – கண்ணே
பூவாலே மெத்தையிட்டு
முத்தாலே மாலையிட்டு – கண்ணே
மோதிரமும் மாமனிட்டான்

பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இந்த வழியின் பெரிய பலமே அதுதான். பொன், பூ, முத்து, மாமன் சீர், அத்தை சீர் எல்லாம் ஏற்கெனவே அளவு வெட்டி வைத்த துணி மாதிரி. 'இட்டு' என்று முடித்துக்கொண்டே போகலாம், நூறு வரி வரும். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பாடும் தாய்க்கு இது சின்ன உதவி இல்லை. உறவுகளை ஒவ்வொருவராக அழைத்துத் தொட்டிலருகே நிறுத்துவதும் இந்த வகையின் அழகு.

ஆனால் தங்கை பாடும்போது கவனித்தேன். மூன்றாம் வரிக்குள் அவள் குரல் தட்டையாகிவிட்டது. வாய் பாடுகிறது, கண் கைப்பேசியில் நேரம் பார்க்கிறது. அவள் பாடும் எந்தப் பொருளும் அந்த அறையில் இல்லை. பொன் தொட்டில் முதலில் இப்படி வெறும் சொல்லாக இருந்ததில்லை. பெரியாழ்வார் தாலாட்டில் மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொன் தொட்டில் வருகிறது. அதைப் பிரமன் கண்ணனுக்கு அனுப்பி வைக்கிறான். யார் அனுப்பியது, யாருக்கு என்று அங்கே ஒரு செய்தி இருக்கிறது. நாம் செய்தியை விட்டுவிட்டுப் பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. அவர் பிறந்தது சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில். ஆயாக்கொட்டகையில் வரிசையாகக் கைலித் தொட்டில்கள் தொங்கும். அங்கே பாடிய ஆயா, பொன்னும் முத்தும் பாடி முடித்த பிறகு, பால்மரத்தையும் பால் வடியும் மங்கையும் விடியலில் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போன தாயையும் சேர்த்துப் பாடுவாராம். அம்மாவுக்கு இன்று வரை நினைவில் நிற்பது அந்தப் பின்பாதிதான்.

இரண்டாவது வழியை ஒரு நண்பர் சொன்னார். "நம்ம ஊர்ப் பாட்டா இருக்கட்டும். கொடிமலை, பாலம், கோலாலம்பூர் கோபுரமெல்லாம் வை" என்றார். வைத்தேன்:

பாலம்போல் நீளணுமே – கண்ணே
கோபுரம்போல் ஓங்கணுமே

அளவு சரியாக இருக்கிறது, ஊரும் இருக்கிறது. ஆனால் மூன்றில் இதுதான் மிகவும் பலவீனமானது என்பது என் முடிவு. பொன் தொட்டில் போன இடத்தில் பாலம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சுற்றுலா அட்டையில் இருப்பதெல்லாம் வீட்டில் இருப்பதாகிவிடாது. இன்னொரு கோளாறும் உண்டு. 'நீளணும், ஓங்கணும்' என்பது தூங்கப் போகிற பிள்ளைக்கு வேலை கொடுக்கிற பேச்சு. தங்கை ஒரே தடவை பாடிவிட்டு, "அக்கா, இது பள்ளி ஆண்டு விழாவுக்கு நல்லாருக்கும்" என்றாள். எடுத்துவிட்டேன்.

மூன்றாவதற்கு, எழுதுவதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு மேல் அங்கே என்ன இருக்கிறது? மேலே காத்தாடி. அம்மாவின் பழைய கைலியில் கட்டிய தொட்டில். கதவோரம் ஓர் ஆணி. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அதில் தலைக்கவசம் தொங்கும், இல்லாவிட்டால் ஆணி வெறுமையாக இருக்கும். சுவரில் ஒரு பல்லி. சமையலறையில் பால் காய்ச்சும் அடுப்பு. ஜன்னலுக்கு வெளியே அடிக்கடி மழை. இவ்வளவுதான் என் கையிருப்பு. இதற்கு வெளியே ஒரு பொருளையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் எழுதியதில் இரண்டு வரிகள் தோற்றன. 'மோட்டாரும் கிளம்பிருச்சு' என்று ஒன்று. அதைப் பாடும்போது தங்கை தன்னை அறியாமல் குரலை உயர்த்தினாள், குழந்தை கதவைப் பார்த்துத் திரும்பியது. அந்தச் சத்தம்தான் அதன் அழுகையின் தொடக்கம், அதையே பாட்டில் வைத்தது என் தவறு. வீட்டுப் பொருள் என்பதாலேயே அது அமைதி தந்துவிடாது. மற்றொன்று 'மாடியிலே யாருமில்லே'. எனக்கு அமைதியாகப் பட்டது, தனியாக இருக்கும் தங்கைக்குப் பயமாகப் பட்டது. 'மாடியெல்லாம் ஓஞ்சிருச்சு' என்று மாற்றினேன். கடைசியில் நின்றது இது:

காத்தாடி சுத்துதம்மா – கண்ணே
கைலியுமே ஆடுதம்மா
ஆணியிலே தொப்பியில்லே – கண்ணே
அப்பாவும் போயாச்சே

பாலமெல்லாம் காத்தடிக்கும் – கண்ணே
பத்திரமா வந்திருவார்
பல்லியுமே தூங்கிருச்சு – கண்ணே
பாலடுப்பும் தூங்கிருச்சு

மாடியெல்லாம் ஓஞ்சிருச்சு – கண்ணே
மழைமட்டும் பேசுதம்மா
ஆணியிலே தொப்பிவரும் – கண்ணே
அப்பாவும் வந்திருவார்

இரண்டாவதில் தோற்ற அதே பாலம் இங்கே திரும்பி வந்திருப்பதைப் பாருங்கள். குழந்தை பாலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் அப்பா அதன் மேல்தான் போகிறார், கடல்காற்று மோட்டாரைத் தள்ளும் என்ற கவலை தங்கைக்கு உண்டு. அந்தக் கவலை ஏறியதும் பாலம் வீட்டுப் பொருளாகிவிட்டது. தாலாட்டில் குழந்தைக்குப் பாதி, பாடுகிறவளுக்குப் பாதி. தன் பாதி இருந்தால்தான் அவள் குரல் உள்ளிருந்து வரும். ஐந்தாம் வரியில் தங்கை கைப்பேசியைப் பார்க்கவில்லை.

இனி, திரும்பச் சொல்வது. முதல் வகையில் 'இட்டு இட்டு' என்று முடிவு மட்டும் திரும்பியது. அது காதுக்கு இதம், ஆனால் எங்கேயும் போவதில்லை. மூன்றாவதில் இரண்டு விதமாகத் திருப்பினேன். பல்லியும் பாலடுப்பும் வரும் வரிகளில் முதல் சொல் மட்டும் மாறுகிறது, 'தூங்கிருச்சு' அப்படியே நிற்கிறது. வரி மறந்தால் தங்கை கண்ணில் படும் எதையும் அங்கே வைத்துக்கொள்ளலாம்: சன்னலுமே, சட்டையுமே, பாப்பாவும். இன்னொன்று ஆணி. தொடக்கத்தில் தொப்பியில்லை, முடிவில் தொப்பி வரும். ஒரே வரி கொஞ்சம் மாறித் திரும்பி வருவதால் போனவர் வந்துவிட்ட நிம்மதி கிடைக்கிறது. ஒன்றுமே மாறாமல் திரும்புவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

ஒலியையும் பார்க்க வேண்டும். 'காத்தாடி சுத்து', 'தொப்பி' எல்லாம் வல்லொற்று அழுந்தும் சொற்கள். குழந்தை விழித்து அழும்போது அப்படிச் சில வேண்டும், இல்லாவிட்டால் அழுகைக்கு மேல் பாட்டு கேட்காது. போகப்போக மெல்லினமும் இடையினமும் கூட வேண்டும்: மாடியெல்லாம், மழை. முடிவில் 'தொப்பி' மீண்டும் வருவது ஒரு குறைதான். அந்த வரியைத் தாழ்ந்த குரலில் பாடச் சொல்லியிருக்கிறேன்.

தொட்டிலும் பாட்டை மாற்றுகிறது. தோட்டத்து வீட்டில் விட்டத்திலிருந்து நீளமாகத் தொங்கிய தொட்டில் பக்கவாட்டில் ஆடும். போய் வர மூன்று வினாடி பிடிக்கும், அரைவரி அதில் நிதானமாக உட்காரும், 'ஆராரோ' சொல்ல இடமும் கிடைக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளில் கைலியைச் சுருள் ஸ்பிரிங்கில் மாட்டுகிறோம். அது மேலும் கீழுமாகத் துள்ளும், வேகம் அதிகம். ஒவ்வொரு வரிக்கும் ஆராரோ வைத்தால் துள்ளலுக்கும் பாட்டுக்கும் பொருந்தவில்லை. அதனால் 'காத்தாடி' ஒரு துள்ளல், 'சுத்துதம்மா' ஒரு துள்ளல் என்று வைத்து, நான்கு வரி முடிந்த பிறகுதான் ஆராரோ ஆரிரரோவை இரண்டு முறை பாடுகிறாள். குழந்தை கண்ணை மூடியதும் சொற்களை விட்டுவிட்டு ஆராரோ மட்டும், அப்புறம் வெறும் 'ம்ம்'.

இதில் எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். ஆனால் அதற்கு ஒரு சங்கடம் உண்டு, பொன் தொட்டிலுக்கு அது இல்லை. வீடு மாறினால் பாட்டும் மாற வேண்டும். போன மாதம் மாப்பிள்ளைக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. "அக்கா, இப்ப ராத்திரி தொப்பி ஆணியிலதான் தொங்குது. எப்படிப் பாடுறது?" என்று தங்கை கேட்டாள். 'தொப்பியிருக்கு' அளவுக்கு மிஞ்சியது. தொலைபேசியிலேயே இரண்டு பேரும் பாடிப் பார்த்து, 'ஆணியிலே தொப்பியுண்டு – கண்ணே, அப்பாவும் தூங்கியாச்சு' என்று வைத்தோம். பாலத்து வரியை மட்டும் அவள் எடுக்க விடவில்லை.